நான்கு குரோமோசோம்கள், பன்னிரண்டு கட்டங்கள்: மைட்டாசிஸ், மியாசிஸ் ஒப்பீட்டுப் படம் வரையும் முறை

சென்ற ஆண்டு, குலசேகரத்திலிருந்து டியூஷனுக்கு வரும் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் உயிரியல் ஒப்படைப்பை என்னிடம் காட்டினாள். மைட்டாசிஸையும் மியாசிஸையும் படம் வரைந்து, பாகங்களைக் குறித்து, ஒப்பிட வேண்டும் என்பது கேள்வி. கோடுகள் சுத்தமாக இருந்தன. வண்ணம் அழகாக இருந்தது. பெயர்களில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. ஆனாலும் பாதி மதிப்பெண்தான் கிடைத்திருந்தது. ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை.

நான் ஒன்றும் சொல்லவில்லை. முதல் படத்தைக் காட்டி, "மக்களே, இந்தச் செல்லில் எத்தனை குரோமோசோம்?" என்று கேட்டேன்.

"நான்கு சார். ஒவ்வொன்றிலும் இரண்டு குரோமாட்டிட்."

"மியாசிஸ் முடிந்து நான்கு செல்கள் வரைந்திருக்கிறாயே, அவற்றில்?"

எண்ணினாள். "ஒவ்வொன்றிலும் நான்கு."

"அப்படியென்றால் மொத்தம் பதினாறு இழை. தொடக்கத்தில் இருந்தவை எட்டு. மீதி எட்டும் எங்கிருந்து வந்தன?"

அவளுக்கு அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது. இந்தக் கட்டுரையும் அந்த எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் போகிறது. இரண்டு பகுப்பிலும் டி.என்.ஏ. இரட்டிப்பது ஒரே ஒரு முறை. நான்கு குரோமோசோம்கள் இரட்டித்தால் எட்டு இழைகள். அந்த எட்டை ஒரு முறை பங்கிட்டால் செல்லுக்கு நான்கு, அது மைட்டாசிஸ். இரண்டு முறை பங்கிட்டால் செல்லுக்கு இரண்டு, அது மியாசிஸ். நீங்கள் வரையும் ஒவ்வொரு படமும் இந்தக் கணக்குக்கு ஒத்துப்போக வேண்டும்.

முதலில் செல்லைத் தீர்மானியுங்கள்

பென்சிலைத் தொடுவதற்கு முன்பே இரண்டு முடிவுகளை எடுத்துவிட வேண்டும். எத்தனை குரோமோசோம் உள்ள செல், தாவரச் செல்லா விலங்குச் செல்லா என்பவையே அவை.

எண்ணிக்கைக்கு 2n = 4 என்று வைத்துக்கொள்வதே நல்லது. 2n = 2 என்று வைத்தால் ஒரே ஓர் இணைதான் இருக்கும். ஓர் இணை எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பது மற்றோர் இணையைக் கட்டுப்படுத்தாது என்ற முக்கியமான செய்தியை அதில் காட்ட முடியாது. 2n = 6 என்று போனால் சிறிய வட்டத்துக்குள் பன்னிரண்டு இழைகள் நெருக்கியடித்துக்கொள்ளும். நான்கு போதும்: நீளமான இணை ஒன்று, குட்டையான இணை ஒன்று. ஒவ்வோர் இணையிலும் தாயிடமிருந்து வந்ததற்குச் சிவப்பு, தந்தையிடமிருந்து வந்ததற்கு நீலம். பென்சிலில் மட்டுமே வரைய வேண்டும் என்று ஆசிரியர் சொல்லியிருந்தால், ஒன்றை உள்ளே நிரப்பியும் மற்றொன்றை வெளிக்கோடாக மட்டும் விட்டும் வேறுபடுத்தலாம். நீளமும் குட்டையும், சிவப்பும் நீலமும் முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை மாறாமல் தொடர வேண்டும். அந்த மாணவியின் தாளில் மெட்டாஃபேஸ் வரை இருந்த நீலம், அனாஃபேஸில் பச்சையாகிவிட்டிருந்தது. அழகுக்காக மாற்றினேன் என்றாள். படிப்பவருக்கோ அது புதிதாக ஒரு குரோமோசோம் வந்துவிட்டதுபோல் தெரியும்.

அடுத்தது, தாவரமா விலங்கா என்பது. நான் இங்கே விலங்குச் செல்லை எடுத்துக்கொள்கிறேன். வட்டமாக வரையலாம், இரு துருவங்களிலும் சென்ட்ரியோல் உண்டு, கடைசியில் செல் வெளியிலிருந்து உள்நோக்கி இடுப்பு ஒடுங்குவதுபோல் ஒடுங்கிப் பிரியும். தாவரச் செல்லை எடுத்தால் கட்டமாக வரைந்து செல் சுவரைக் காட்டுங்கள். உயர் தாவரங்களின் செல்லில் சென்ட்ரியோல் கிடையாது. செல் தட்டு நடுவில் தோன்றி வெளிநோக்கி வளரும். வெங்காய வேர் நுனிச் செல் என்று தலைப்பிட்டுவிட்டுச் சென்ட்ரியோல் வரைவது நான் ஆண்டுதோறும் பார்க்கும் பிழை. இரண்டையும் ஒரே தாளில் கலக்காதீர்கள்.

தாளுக்கு முன் தரையில்

நேரடியாக வரையத் தொடங்குபவர்கள், புத்தகத்தில் உள்ள படத்தைப் பார்த்துப் படியெடுப்பார்கள். படியெடுக்கும்போது கை வேலை செய்யும், எண்ணிக்கை தவறிவிடும். அதனால் என்னிடம் வருபவர்களை முதலில் தரையில் உட்காரவைத்து நூலால் செய்யச் சொல்கிறேன். இதற்கு அரை மணி நேரம் ஆகும். பிறகு படம் வரைவது எளிது.

சிவப்பு, நீலக் கம்பளி நூல் கொஞ்சம், ஜாக்கெட்டில் தைக்கும் பிரஸ் பட்டன் நான்கு ஜோடி, ஒரு சாக்பீஸ். மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ எந்த ஃபேன்ஸி கடையிலும் கிடைக்கும். சிவப்பில் 12 செ.மீ. துண்டு இரண்டு, 6 செ.மீ. துண்டு இரண்டு, நீலத்திலும் அவ்வாறே. மொத்தம் எட்டுத் துண்டுகள். ஒவ்வொரு துண்டின் நடுவிலும் பிரஸ் பட்டனின் ஒரு பாதியைத் தைத்துவிடுங்கள். ஒரே நிறமும் ஒரே நீளமும் உள்ள இரண்டு துண்டுகளில், ஒன்றுக்குக் குமிழ் உள்ள பாதி, மற்றொன்றுக்குக் குழி உள்ள பாதி. இரண்டையும் அழுத்தி மூடினால் அது இரட்டித்த ஒரு குரோமோசோம். நூல்கள் இரண்டும் சகோதரி குரோமாட்டிட்கள். மூடிய பட்டன் சென்ட்ரோமியர்.

பட்டனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. மைட்டாசிஸுக்கும் மியாசிஸுக்கும் உள்ள வேறுபாட்டின் பாதி, அந்தப் பட்டன் எப்போது திறக்கிறது என்பதில்தான் அடங்கியிருக்கிறது.

சாக்பீஸால் தரையில் ஒரு பெரிய வட்டம் போட்டு, முதலில் மைட்டாசிஸைச் செய்துபாருங்கள். நான்கு குரோமோசோம்களையும் செல்லின் குறுக்கே ஒரே வரிசையில் நிறுத்துங்கள். சிவப்பு நீளத்துக்கும் நீல நீளத்துக்கும் ஒன்றுக்கொன்று எந்த உறவும் இல்லை. எது யார் பக்கத்தில் நின்றாலும் பரவாயில்லை. நான்கு பட்டன்களையும் திறந்து, ஒவ்வொன்றிலும் ஒரு நூலை இடப்பக்கமும் ஒரு நூலை வலப்பக்கமும் நகர்த்துங்கள். இரு பக்கமும் நான்கு நான்கு. இரு பக்கமும் ஒரே மாதிரி: நீளம் சிவப்பு, நீளம் நீலம், குட்டை சிவப்பு, குட்டை நீலம். மைட்டாசிஸ் முடிந்தது.

இப்போது பட்டன்களை மறுபடி மூடி மியாசிஸுக்கு வாருங்கள். மைட்டாசிஸை முதலில் செய்யச் சொன்னதற்குக் காரணம், இனி நூலை வெட்டப்போகிறோம். நீளமான சிவப்பையும் நீளமான நீலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவையுங்கள், குட்டையானவற்றையும் அப்படியே. இது இணை சேர்தல். ஒவ்வோர் இணையிலும் உள்பக்கம் இருக்கும் ஒரு சிவப்பு நூலின் நுனியையும் ஒரு நீல நூலின் நுனியையும் ஒரே அளவில் வெட்டி, மாற்றி முடிச்சுப் போடுங்கள். நீளத்தில் 3 செ.மீ., குட்டையில் 1.5 செ.மீ. போதும். இதுதான் குறுக்கேற்றம். நுனி மாறிய இடத்தில் இரண்டு நூல்களும் ஒன்றையொன்று தாண்டி நிற்கும். அந்தக் குறுக்குப் புள்ளி கயாஸ்மா. இரண்டு இணைகளிலும் இதைச் செய்யுங்கள். ஏனென்றால் பெரும்பாலான உயிரிகளில் மெட்டாஃபேஸ் வரும்வரை இணையைப் பிரியாமல் பிடித்துவைத்திருப்பது கயாஸ்மாதான். கயாஸ்மா இல்லாத இணையை வரைந்தால், அது எதனால் சேர்ந்து நிற்கிறது என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

பிறகு இணைகளை நடுவில் நிறுத்துங்கள். சிவப்பு ஒரு துருவத்தையும் நீலம் எதிர்த் துருவத்தையும் பார்க்க வேண்டும். எந்தப் பட்டனையும் திறக்காமல் இணைகளை மட்டும் பிரியுங்கள். அந்த மாணவி நீளமான சிவப்பை இடப்பக்கமும், குட்டையான சிவப்பை வலப்பக்கமும் வைத்தாள். இரண்டு சிவப்பையும் ஒரே பக்கம் வைத்திருந்தாலும் சரிதான். செல்லிலும் இரண்டும் சம வாய்ப்போடு நடக்கின்றன. இப்போது ஒவ்வொரு செல்லிலும் மூடிய பட்டனோடு இரண்டு குரோமோசோம்கள். கடைசியாக, ஒவ்வொரு செல்லிலும் அவற்றை ஒரே வரிசையில் நிறுத்திப் பட்டன்களைத் திறந்தால் நான்கு செல்கள், செல்லுக்கு இரண்டு நூல்கள். நான்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றைப்போல் மற்றொன்று இருக்காது.

தரையில் ஒவ்வொரு நிலையிலும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டால், வரையும்போது புத்தகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

தாளைக் கட்டமிடுதல்

பெரும்பாலோர் ஒரு பக்கத்தில் மைட்டாசிஸ் முழுவதையும், அடுத்த பக்கத்தில் மியாசிஸ் முழுவதையும் வரைகிறார்கள். அப்படி வரைந்தால் அவை இரண்டு தனித்தனிப் படங்கள், ஒப்பீடு அல்ல. ஒப்பிட வேண்டியவை பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஏ4 தாளைக் கிடைமட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். மேலே தலைப்புக்கு 2 செ.மீ. விடுங்கள். அதன்கீழ் 4 செ.மீ. உயரத்தில் நான்கு வரிசைகள்: புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ். நெடுக்கில் மூன்று பத்திகள்: மைட்டாசிஸ், மியாசிஸ் I, மியாசிஸ் II. நான்கு மூன்று பன்னிரண்டு கட்டங்கள். மூன்றாவது பத்தியை மட்டும் அகலமாக விடுங்கள். அதில் ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு செல்கள் வர வேண்டும். தண்ணீர் பாட்டில் மூடி ஏறக்குறைய 3 செ.மீ. குறுக்களவு இருக்கும். முதல் இரண்டு பத்திகளுக்கு அதை வைத்தே வட்டம் போடலாம். மூன்றாவது பத்திக்குக் கவராயத்தால் 2.5 செ.மீ. வட்டங்கள்.

முதல் இரண்டு பத்திகளிலும் துருவங்கள் இடமும் வலமும் இருக்கட்டும். மூன்றாவதில் மேலும் கீழும் வையுங்கள். இரண்டாம் பகுப்பின் கதிர்கோல் பல நேரங்களில் முதலாவதற்குச் செங்குத்தாகவே அமைகிறது. படத்திலும் நான்கு சேய் செல்கள் இரண்டுக்கு இரண்டாக அழகாக அமரும்.

எச்.பி. பென்சிலைக் கூராகச் சீவி, ஒரே இழுப்பில் கோடு போடுங்கள். நிழல் தீட்ட வேண்டாம். பாகம் குறிக்கும் கோட்டை அளவுகோல் வைத்துக் கிடைமட்டமாக இழுங்கள். கோட்டின் நுனி அந்தப் பாகத்தைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், அம்புக்குறி வேண்டாம். ஒரு கோடு மற்றொன்றைத் தாண்டக் கூடாது. பெயர்கள் எல்லாம் வட்டத்தின் வலப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக வரட்டும்.

எதைக் குறிப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. பன்னிரண்டு படத்திலும் செல் சவ்வு, சைட்டோபிளாசம், குரோமோசோம் என்று திரும்பத் திரும்பக் குறிப்பவர்கள், முக்கியமான பாகத்துக்கு இடமில்லாமல் செய்துவிடுகிறார்கள். அவற்றை முதல் படத்தில் ஒரு முறை குறித்தால் போதும். அதன்பின் ஒவ்வொரு கட்டத்திலும், முந்தைய நிலையிலிருந்து எது மாறியதோ, பக்கத்துப் பத்தியிலிருந்து எது வேறுபடுகிறதோ, அதை மட்டும் குறியுங்கள்.

புரோஃபேஸ் வரிசை

மைட்டாசிஸ் கட்டத்தில் நான்கு குரோமோசோம்களும் சிதறிக் கிடக்கட்டும், ஒவ்வொன்றும் இரட்டை இழையாக. நியூக்ளியஸ் உறையை விட்டுவிட்டு வரும் புள்ளிக்கோடாகப் போட்டு, மறைந்துகொண்டிருக்கிறது என்று காட்டுங்கள். சிவப்பு நீளமும் நீல நீளமும் தற்செயலாகக்கூட ஒட்டிக்கொண்டிருக்க வேண்டாம். திருத்துபவர் அதை இணை சேர்தல் என்று எடுத்துக்கொள்வார்.

புரோஃபேஸ் I கட்டத்தில் இரண்டு இணைகள், ஒவ்வொன்றிலும் நான்கு குரோமாட்டிட்கள், நுனி மாறிய நிறங்கள், கயாஸ்மா. இந்த நிலை மிக நீண்டது. அதற்கு ஐந்து உட்பிரிவுகள் இருக்கின்றன. அவற்றை இந்தக் கட்டத்துக்குள் திணிக்காமல் இரண்டாவது தாளில் தனியாக வரையுங்கள். லெப்டோட்டீனில் மெல்லிய நீண்ட நூல்கள். சைகோட்டீனில் இணைகள் சேரத் தொடங்குகின்றன. பாக்கிட்டீனில் தடித்த இணைகளில் குறுக்கேற்றம் நடக்கிறது. டிப்ளோட்டீனில் இணைகள் விலகத் தொடங்கிக் கயாஸ்மாவில் மட்டும் ஒட்டி நிற்கின்றன. டயாகைனெசிஸில் குரோமோசோம்கள் மிகக் குட்டையாகி நியூக்ளியஸ் உறை மறைகிறது. குறுக்கேற்றம் நடப்பது பாக்கிட்டீனில், கயாஸ்மா கண்ணுக்குத் தெரிவது டிப்ளோட்டீனில் என்ற வேறுபாட்டைப் பலர் தவறவிடுகிறார்கள். டிப்ளோட்டீன் பற்றி மாணவிகளிடம் நான் தவறாமல் சொல்லும் ஒரு செய்தி உண்டு. பெண் குழந்தை பிறப்பதற்கு முன்பே அதன் முட்டைச் செல்கள் இந்த நிலை வரை வந்து நின்றுவிடுகின்றன. பருவமடைந்த பிறகு, மாதந்தோறும் ஒன்றிரண்டாகத்தான் மேலே தொடர்கின்றன. சில செல்கள் நாற்பது ஆண்டுகளுக்கு மேல்கூட அப்படியே காத்திருக்கின்றன.

புரோஃபேஸ் II கட்டத்தில் இரண்டு செல்கள், செல்லுக்கு இரண்டு குரோமோசோம்கள். நுனி நிறம் மாறியதை இங்கேயும் காட்ட மறக்காதீர்கள். ஒரு குரோமோசோமின் இரண்டு குரோமாட்டிட்களும் இப்போது ஒரே மாதிரி இல்லை. முதல் பகுப்புக்கும் இரண்டாம் பகுப்புக்கும் நடுவில் டி.என்.ஏ. மறுபடி இரட்டிப்பதில்லை. அந்த மாணவியின் பதினாறு இழைகள் இங்கிருந்துதான் வந்திருந்தன. மைட்டாசிஸுக்கு முன் இடைநிலை இருப்பதுபோல், இங்கேயும் ஒரு முறை இரட்டித்திருக்கும் என்று நினைத்துவிட்டாள்.

மெட்டாஃபேஸ், அனாஃபேஸ் வரிசைகள்

ஆசிரியரின் கண் முதலில் போவது இந்த இரண்டு வரிசைகளுக்குத்தான். இங்கே அவசரப்பட வேண்டாம்.

மெட்டாஃபேஸில் மைட்டாசிஸ் கட்டத்தில் நான்கு குரோமோசோம்களும் ஒற்றை வரிசையில் நிற்கும். மெட்டாஃபேஸ் I கட்டத்தில் இரண்டு இணைகள் இரட்டை வரிசையில் நிற்கும். இணையில் ஒன்று நடுத்தளத்துக்கு இந்தப் பக்கம், மற்றொன்று அந்தப் பக்கம். மெட்டாஃபேஸ் II கட்டத்தில் மறுபடி ஒற்றை வரிசை, ஆனால் செல்லுக்கு இரண்டு மட்டும். இவ்வளவையும் பெரும்பாலோர் சரியாக வரைந்துவிடுகிறார்கள். கதிர்கோல் இழைகளில்தான் தவறுகிறார்கள்.

மைட்டாசிஸில் ஒவ்வொரு குரோமோசோமின் சென்ட்ரோமியருக்கும் இரண்டு பக்கத்திலிருந்தும் இழை வர வேண்டும். ஒரு குரோமாட்டிட்டை இடத் துருவம் பிடித்திருக்கிறது, மற்றொன்றை வலத் துருவம் பிடித்திருக்கிறது. மெட்டாஃபேஸ் I-இல் ஒரு குரோமோசோமுக்கு ஒரே பக்கத்திலிருந்துதான் இழை வரும். சிவப்பின் இரண்டு குரோமாட்டிட்களையும் இடத் துருவமே பிடித்திருக்கிறது; நீலத்தை வலத் துருவம் பிடித்திருக்கிறது. மெட்டாஃபேஸ் II-இல் மறுபடி இரண்டு பக்கமும். அடுத்த நிலையில் எது எங்கே போகும் என்பதை இந்த இழைகள் முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன. மெட்டாஃபேஸ் I-இல் சிவப்புக்கு இரண்டு பக்கமும் இழை போட்டுவிட்டு, அனாஃபேஸில் அதை முழுதாக இடப்பக்கம் கொண்டுபோனால், உங்கள் படமே உங்களை மறுக்கிறது.

அனாஃபேஸில் மைட்டாசிஸ் கட்டத்தில் பட்டன் திறக்கிறது. பக்கத்துக்கு நான்கு ஒற்றை இழைகள். அனாஃபேஸ் I-இல் பட்டன் மூடியே இருக்கிறது. பக்கத்துக்கு இரண்டு குரோமோசோம்கள், ஒவ்வொன்றும் இரட்டை இழையோடு. அனாஃபேஸ் II-இல்தான் பட்டன் திறக்கிறது. ஒவ்வொரு செல்லிலும் பக்கத்துக்கு இரண்டு ஒற்றை இழைகள்.

இழுபடும் குரோமோசோமில் சென்ட்ரோமியர் முன்னே போகும், கைகள் பின்னே தொங்கும். நாம் எடுத்துக்கொண்டதுபோல் சென்ட்ரோமியர் நடுவில் இருந்தால் அது 'வி' வடிவில் தெரியும். அதன் கூர்முனை துருவத்தைப் பார்க்க வேண்டும். கைகள் துருவத்தைப் பார்ப்பதுபோல் வரைந்தால், குரோமோசோமைப் பின்னாலிருந்து யாரோ தள்ளுவதுபோல் ஆகிவிடும்.

முதல் பகுப்பில் சென்ட்ரோமியர் ஏன் பிரியவில்லை என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால் சொல்வதற்கு ஒரு பதில் வைத்திருங்கள். சகோதரி குரோமாட்டிட்களை ஒட்டிவைத்திருப்பது கோஹீசின் என்ற புரதம். மைட்டாசிஸின் அனாஃபேஸில் அது முழுவதும் வெட்டப்படுகிறது. மியாசிஸின் முதல் பகுப்பில் கைகளில் இருக்கும் கோஹீசின் மட்டும் வெட்டப்படுகிறது. சென்ட்ரோமியர் அருகில் இருப்பதை வேறொரு புரதம் காத்து நிற்கிறது. அந்தப் புரதத்தின் பெயர் ஷுகோஷின். ஜப்பானிய மொழியில் அதற்குக் காவல் தெய்வம் என்று பொருள். ஊருக்கு ஊர் காவல் தெய்வத்தைக் கும்பிடும் நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரை ஒரு முறை சொன்னால் போதும், மறப்பதில்லை.

டீலோஃபேஸ் வரிசையில் அதிக வேலை இல்லை. நியூக்ளியஸ் உறை மறுபடி தோன்றுகிறது, செல் நடுவில் ஒடுங்குகிறது. மைட்டாசிஸ் கட்டத்தின்கீழ் '2 செல்கள், ஒவ்வொன்றும் 2n = 4' என்றும், மியாசிஸ் I-இன்கீழ் '2 செல்கள், n = 2, இரட்டை இழை' என்றும், மியாசிஸ் II-இன்கீழ் '4 செல்கள், n = 2, ஒற்றை இழை' என்றும் எழுதுங்கள். எண்ணிக்கை பாதியாவது முதல் பகுப்பிலேயே நடந்துவிடுகிறது. இரட்டை இழை இருப்பதைப் பார்த்து, டீலோஃபேஸ் I செல்லை 2n என்று எழுதுவது தவறு.

எண்ணிப் பார்த்தல்

வரைந்து முடித்ததும் சரிபார்ப்பதற்கு ஒரே விதிதான்: சென்ட்ரோமியர்களை எண்ணுங்கள். எத்தனை சென்ட்ரோமியரோ அத்தனை குரோமோசோம். இழைகளை எண்ணினால் குழப்பம் வரும். ஒட்டியிருக்கும்வரைதான் குரோமாட்டிட் என்ற பெயர். பிரிந்த நொடியில் அது தனிக் குரோமோசோம் ஆகிவிடுகிறது.

| நிலை | ஒரு செல்லில் குரோமோசோம் | ஒரு செல்லில் இழை |
|---|---|---|
| மெட்டாஃபேஸ் | 4 | 8 |
| அனாஃபேஸ் | 8 | 8 |
| மைட்டாசிஸ் முடிவில் | 4 | 4 |
| மெட்டாஃபேஸ் I | 4 | 8 |
| அனாஃபேஸ் I | 4 | 8 |
| மெட்டாஃபேஸ் II | 2 | 4 |
| அனாஃபேஸ் II | 4 | 4 |
| மியாசிஸ் முடிவில் | 2 | 2 |

மைட்டாசிஸின் அனாஃபேஸில் எண்ணிக்கை எட்டாக ஏறுவதையும், அனாஃபேஸ் I-இல் நான்காகவே நிற்பதையும் பாருங்கள். இந்த அட்டவணையை ஒப்படைப்பிலேயே சேர்த்துவிடலாம். பிறகு நிலைகளின் பெயர்களை ஒரு காகிதத்தால் மறைத்துவிட்டு, படத்தை மட்டும் நண்பரிடம் காட்டுங்கள். அவரால் மெட்டாஃபேஸையும் மெட்டாஃபேஸ் I-ஐயும் பிரித்துச் சொல்ல முடியவில்லை என்றால், அந்தப் படத்தைத் திரும்ப வரைய வேண்டும்.

நுண்ணோக்கியில் பார்த்ததை வரையச் சொல்லியிருந்தால் கணக்கு வேறு. வெங்காயத்துக்கு 2n = 16. வேர் நுனியைச் சாயமேற்றி நசுக்கிப் பார்த்தால் பெரும்பாலான செல்கள் இடைநிலையில்தான் இருக்கும்; தேடித்தான் மெட்டாஃபேஸைக் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே நான்கு குரோமோசோம் வரைந்துவைத்தால் அது பார்த்ததன் படம் ஆகாது. மியாசிஸுக்கு, விரிந்த பூவோ விரியப்போகும் மொட்டோ பயன்படாது. தோவாளைச் சந்தைக்கு வரும் பருவத்து மொட்டுகளில் மகரந்தப்பையைப் பிரித்துப் பார்த்தால், மியாசிஸ் எப்போதோ முடிந்து மகரந்தத் தூள்தான் இருக்கும். செடியிலேயே மிகச் சிறிய மொட்டுகளைப் பறித்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது நூல்

அந்த மாணவி இரண்டாம் முறை வரைந்த தாளில் எண்ணிக்கை எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் 'இணை சேர்தல் ஏன் தேவை?' என்று ஒரு கேள்வி இருந்ததால், அவள் வீட்டுத் தோட்டத்தில் நிற்கும் நேந்திரன் வாழையை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். வாழையில் ஒரு தொகுதிக்கு 11 குரோமோசோம்கள். நேந்திரனில் மூன்று தொகுதிகள், மொத்தம் 33.

பச்சை நூலில் நீளம் ஒன்றும் குட்டை ஒன்றும் புதிதாகச் செய்து, வெட்டாத சிவப்பு நீல நூல்களோடு வட்டத்துக்குள் வைத்தாள். இப்போது ஆறு குரோமோசோம்கள். மைட்டாசிஸில் ஆறும் ஒற்றை வரிசையில் நின்றன, பட்டன்கள் திறந்தன, பக்கத்துக்கு ஆறு. எந்தச் சிக்கலும் இல்லை. கன்று வைத்து நேந்திரன் தலைமுறை தலைமுறையாக வளர்வது இப்படித்தான்.

மியாசிஸுக்கு வந்தபோது சிவப்பும் நீலமும் சேர்ந்தன, பச்சை நின்றுவிட்டது. "சார், இதை எந்தப் பக்கம் வைப்பது?" என்றாள். செல்லுக்கும் அது தெரியாது என்றேன். சில நேரம் மூன்றும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும், சில நேரம் ஒன்று தனியாக அலையும். எப்படியானாலும் மூன்றை இரண்டாகச் சமமாகப் பங்கிட முடியாது. அவள் நீளப் பச்சையை இடப்பக்கமும் குட்டைப் பச்சையை வலப்பக்கமும் தள்ளினாள். இடச் செல்லில் நீளம் இரண்டு, குட்டை ஒன்று. வலச் செல்லில் நீளம் ஒன்று, குட்டை இரண்டு. இப்படிக் கூடவும் குறையவும் பெற்ற செல்களிலிருந்து நல்ல மகரந்தமும் சூலும் உருவாவது அரிது. நேந்திரன் பழத்தில் விதை இல்லாததற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

அந்த இரண்டு செல்களையும் அவள் கடைசிப் பக்கத்தில் தனியாக வரைந்து, ஒவ்வொன்றின்கீழும் குரோமோசோம்களின் எண்ணிக்கையை எழுதி, பச்சை இழையிலிருந்து ஒரு கோடு இழுத்து 'இணை இல்லாதது' என்று குறித்தாள்.